தொழுகையில் மனம் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

தக்பீர் சொல்லிக் கை கட்டியதும் வாசலில் நிறுத்திய வண்டியைப் பூட்டினோமா என்ற நினைப்பு வருகிறது. அதிலிருந்து கடைக் கணக்கு, அதிலிருந்து மச்சான் கல்யாணம். நினைப்பு திரும்பும்போது ருகூஉவில் குனிந்திருக்கிறோம். அல்ஹம்து சூரா ஓதினோமா என்றே தெரியவில்லை. இதைப் பற்றி இரண்டு மூன்று நிமிட வீடியோக்களில் ஹஸ்ரத்மார்கள் சொல்லும் ஆறுதல் சரியானதுதான்: மனம் அலைந்தது என்பதற்காக மட்டும் தொழுகை முறிந்துவிடாது. ஆனால் அந்த நேரத்துக்குள் அதற்கு மேல் விளக்க இடம் இருப்பதில்லை. மறுநாள் அஸரிலும் அதே கதைதான்.

அலைச்சல் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உடம்பிலிருந்து வருவது வேறு, ஓதும் முறையிலிருந்து வருவது வேறு, எண்ணிக்கைக் குழப்பம் வேறு, நிய்யத்தில் வரும் ஊசாட்டம் வேறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். குறிப்பாக, எல்லாவற்றுக்கும் "திரும்பத் தொழுதுவிடலாம்" என்று முடிவெடுப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு.

முதலில் அந்த ஆறுதலுக்கு என்ன ஆதாரம் என்று பார்த்துவிடலாம். ஒரு நாள் அஸர் தொழுவித்து ஸலாம் கொடுத்ததும் நபி (ஸல்) அவர்கள் விரைந்து எழுந்து வீட்டுக்குள் போனார்கள். தோழர்கள் திகைத்துப் பார்த்தபோது, வீட்டில் பங்கிடாமல் கிடந்த தங்கம் தொழுகையில் நினைவுக்கு வந்தது, அதைப் பங்கிடச் சொல்லிவிட்டு வந்தேன் என்றார்கள். புகாரியில் உக்பா (ரலி) அறிவிக்கும் செய்தி இது. அந்த அஸரை அவர்கள் மீண்டும் தொழவில்லை. தொழுகையில் இருப்பவரிடம் ஷைத்தான் வந்து "இதை நினை, அதை நினை" என்று சொல்லி, எத்தனை தொழுதோம் என்றே தெரியாமல் ஆக்கிவிடுகிறான் என்ற ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட தொல்லை. உங்கள் ஈமானில் ஏதோ தனிக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அறிகுறி: நின்றது முதலே உடம்பு அமைதியாக இல்லை, சீக்கிரம் முடித்துவிடத் தோன்றுகிறது

இது மனதின் கோளாறே அல்ல. பசி, சிறுநீர், தூக்கம், செல்போன் ஆகிய நான்கையும் சோதியுங்கள். உணவு முன்னால் இருக்கும்போதும், மலஜலத்தை அடக்கிக்கொண்டும் தொழுகை இல்லை என்பது முஸ்லிமில் ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். ஒளு முறிந்துவிடுமோ என்று அடக்கிக்கொண்டு இஷாவைத் தொழுவதைவிட, போய்விட்டு வந்து புதிதாக ஒளு செய்து தொழுவது மேல், ஜமாஅத்தின் ஒரு ரக்அத் தவறினாலும் சரி. வக்த்து முடியும் தறுவாயில் இருந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது தொழுகைதான் முதலில்.

செல்போனை அதிர்வில் வைத்தால் போதாது. அதிரும் ஒவ்வொரு முறையும் "யாராக இருக்கும்" என்ற கேள்வி வரும். அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு அறையில் வையுங்கள். மறந்துபோய்த் தொழுகைக்கு நடுவில் பாட்டுப் பாட ஆரம்பித்தால், சட்டைப் பைக்குள் ஒரு கையை விட்டுப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அடக்குவதில் தவறில்லை. அந்தச் சின்ன அசைவால் தொழுகை முறியாது. போனை வெளியே எடுத்து, திரையைத் திறந்து, யார் அழைத்தார் என்று பார்ப்பதுதான் ஆபத்து. ஷாபிஈ மத்ஹபில் தொடர்ச்சியாக மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறிக்கும். ஹனஃபியில், பார்ப்பவர் "இவர் தொழவில்லை" என்று எண்ணும் அளவுக்கான செயல் முறிக்கும்.

பூவேலை நிறைந்த முஸல்லாவும் கண்ணை இழுக்கும். வேலைப்பாடுள்ள ஒரு மேலாடை தொழுகையில் தம் கவனத்தைத் திருப்பியதால் நபி (ஸல்) அவர்கள் அதைக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பிவிட்டு, வேலைப்பாடில்லாத ஆடையை வாங்கிவரச் சொன்னார்கள். கோடுகளும் கோபுரங்களும் உள்ள முஸல்லாவைத் திருப்பிப் போட்டாலே வெற்றுத் துணி கிடைத்துவிடும். காசு செலவில்லை.

அறிகுறி: வாய் ஓதுகிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது

பெரும்பாலோருடைய தொல்லை இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியதும் இதுவே.

முதலில் உங்கள் உதடுகளைக் கவனியுங்கள். தனியாகத் தொழும்போது உதடும் நாக்கும் அசைகின்றனவா, ஓதுவது உங்கள் காதுக்கே கேட்கிறதா? லுஹர், அஸர் போன்ற மெதுவாக ஓதும் தொழுகைகளில் பலர் மனதுக்குள்ளேயே ஓதிவிடுகிறார்கள். பக்கத்தில் இரைச்சல் இல்லாதபோது தன் காதுக்குக் கேட்கும் அளவுக்காவது உச்சரிக்க வேண்டும் என்பது ஷாபிஈ சட்டம். ஹனஃபியிலும் வலுவான கருத்து அதுவே. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மனதுக்குள் ஓடும் ஓதலும் மனதுக்குள் ஓடும் கடைக் கணக்கும் ஒரே பாதையில்தான் போகின்றன, கணக்குத்தான் ஜெயிக்கும். காதுக்குக் கேட்டால் நினைப்பு திரும்பி வர ஒரு பிடி கிடைக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்குத் தொந்தரவாகும் அளவுக்குப் போக வேண்டாம். உங்கள் காது வரைக்கும் கேட்டால் போதும்.

அடுத்தது மூச்சு. ஏழு ஆயத்துகளையும் ஒரே மூச்சில், அல்லது இரண்டு மூச்சில் ஓதி முடிப்பவருக்கு மனம் அலைவதில் வியப்பில்லை. ஒவ்வோர் ஆயத்தின் முடிவிலும் நிறுத்தி மூச்சு விடுங்கள். நபி (ஸல்) அவர்களின் ஓதல் ஆயத்து ஆயத்தாகப் பிரிந்திருந்தது என்று உம்மு ஸலமா (ரலி) சொல்கிறார்கள். இப்படி நிறுத்துவதற்கு ஒரு பொருளும் உண்டு. "தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே பாதி பாதியாகப் பங்கிட்டிருக்கிறேன்" என்ற ஹதீஸ் குத்ஸி முஸ்லிமில் இருக்கிறது. அடியான் "அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்" என்றதும் "என் அடியான் என்னைப் புகழ்ந்தான்" என்று அல்லாஹ் சொல்கிறான். "இய்யாக நஃபுது வஇய்யாக நஸ்தஈன்" என்றதும் "இது எனக்கும் என் அடியானுக்கும் இடையில் உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு" என்கிறான். நீங்கள் மூச்சு விடும் அந்த இடைவெளி பதிலுக்கான இடம். இதைத் தெரிந்துகொண்டு நிறுத்துபவருக்கு அடுத்த ஆயத்தை அவசரமாகத் தொடங்கக் கூச்சம் வந்துவிடும்.

மூன்றாவது, பழகிப்போன சூரா. இருபது வருடமாக முதல் ரக்அத்தில் இஃக்லாஸ், இரண்டாவதில் ஃபலக் என்று ஓதுபவருக்கு நாக்கு தானாக ஓடும், மனம் தேவையே இல்லை. வாரம் ஒரு குட்டிச் சூராவைப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். அஸர், கவ்ஸர், மாஊன் போன்றவை போதும். பொருளைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு, அதில் ஒரே ஒரு ஆயத்தை மட்டும் நினைவில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். எல்லா ஆயத்துக்கும் பொருள் நினைக்க முயன்றால் மொழிபெயர்ப்பு வேலைதான் நடக்கும், தொழுகை நடக்காது. புதிய சூராவில் தடுமாறிவிட்டால் பதற வேண்டாம். அல்ஹம்துக்குப் பின் சூரா ஓதுவது ஷாபிஈயில் சுன்னத்து. ஹனஃபியில் வாஜிப் என்பதால் ஓதத் தெரிந்த வேறொரு சூராவுக்கு மாறிக்கொள்ளலாம்.

கண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும். ஷாபிஈகள் நெடுகிலும் சுஜூது செய்யும் இடத்தைப் பார்ப்பார்கள், அத்தஹிய்யாத்தில் மட்டும் நீட்டிய கலிமா விரலைப் பார்ப்பார்கள். ஹனஃபியில் நிலைக்கு நிலை இடம் மாறும்: நிற்கும்போது சுஜூது இடம், ருகூஉவில் பாதம், சுஜூதில் மூக்கு நுனி, இருப்பில் மடி, ஸலாமில் தோள். பார்வையை இப்படி இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மனதுக்கு உணர்த்திக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. எதிரே கண்ணை இழுக்கும் பொருள் இருந்தால் மூடலாம். வெற்றுச் சுவருக்கு முன்னால் கண்ணை மூடினால் உள்ளே சினிமா ஓட ஆரம்பிக்கும்.

இத்தனைக்கும் பிறகும் ஓரிடத்தில் நினைப்பு நழுவும். நழுவியது தெரிந்த நொடியில், எந்த ஆயத்தில் இருக்கிறீர்களோ அதிலிருந்தே கவனத்தோடு தொடருங்கள். அல்ஹம்துவை மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "அடடா, மறுபடி அலைந்துவிட்டேனே" என்று வருந்துவதும் இன்னோர் அலைச்சல்தான். வருத்தத்தை ஸலாமுக்குப் பிறகு மூன்று முறை "அஸ்தஃக்ஃபிருல்லாஹ்" சொல்லும்போது வைத்துக்கொள்ளலாம், அது அதற்கான இடமே.

ருகூஉவிலும் சுஜூதிலும் எலும்புகள் அதன் அதன் இடத்தில் நிற்கும்வரை தங்குங்கள். மூன்று தஸ்பீஹ் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அது தானாக வந்துவிடும். கோழி கொத்துவதுபோல் தொழுபவருக்குக் கவனம் வர நேரமே இல்லை.

அறிகுறி: எத்தனை ரக்அத் என்று தெரியவில்லை

இங்கே தமிழ்நாட்டில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பலரும் ஷாபிஈ, இலங்கையிலும் அப்படியே. உள்நாட்டு மாவட்டங்களில் பெரும்பாலும் ஹனஃபி. இரண்டு மத்ஹபுக்கும் தீர்வு வேறு. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து ஒன்றில் பாதி, மற்றொன்றில் பாதி எடுத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். தனியாக இஷா தொழுகிறீர்கள். எழுந்து நிற்கிறீர்கள். இது மூன்றாவதா நான்காவதா என்று தெரியவில்லை.

ஷாபிஈ என்றால் உறுதியானதை எடுத்துக்கொள்ள வேண்டும். உறுதியானது எப்போதும் குறைந்த எண்தான். ஆகவே இது மூன்றாவது. அல்ஹம்து ஓதி, ருகூஉ, சுஜூது முடித்து, எழுந்து இன்னொரு ரக்அத் தொழுங்கள். கடைசி இருப்பில் அத்தஹிய்யாத், ஸலவாத், துஆ எல்லாம் ஓதி முடித்து, ஸலாமுக்கு முன்னால் இரண்டு சுஜூது செய்துவிட்டு ஸலாம் கொடுங்கள். இதுதான் ஸஹ்வு சுஜூது. உங்கள் மனம் "நான்காவதுதான்" என்று எவ்வளவு பலமாகச் சொன்னாலும் ஷாபிஈயில் அந்த ஊகம் கணக்கில் இல்லை. ஒரு நுட்பம்: சந்தேகம் வந்த அந்த மூன்றாவது ரக்அத்திலேயே "ஆமாம், இது மூன்றாவதுதான்" என்று தெளிவாக நினைவுக்கு வந்துவிட்டால் ஸஹ்வு சுஜூது தேவையில்லை. அடுத்த ரக்அத்துக்கு எழுந்த பிறகே நினைவு வந்தது என்றால் செய்ய வேண்டும். ஏனென்றால் அந்த ரக்அத் கூடுதலாக இருக்கலாம் என்ற நிலையில் எழுந்தீர்கள்.

ஹனஃபி என்றால் முதல் கேள்வி, இப்படிச் சந்தேகம் வருவது உங்களுக்கு வழக்கமா? வழக்கமே இல்லை, இப்போதுதான் என்றால், முறித்துவிட்டுத் திரும்பத் தொழச் சொல்கிறார்கள். அடிக்கடி வருகிறது என்றால் திரும்பத் தொழக் கூடாது. மனம் எந்தப் பக்கம் பலமாகச் சாய்கிறதோ அதன்படி தொடர வேண்டும். எந்தப் பக்கமும் சாயவில்லை என்றால் குறைந்த எண்ணை, அதாவது மூன்றாவதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நான்காவதாகவும் இருக்கலாமே, அதனால் இந்த ரக்அத்தின் முடிவில் உட்கார்ந்து அத்தஹிய்யாத் ஓதிவிட்டு எழுந்து இன்னொன்று தொழுங்கள். கடைசியில் அத்தஹிய்யாத் ஓதி, வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்து, இரண்டு சுஜூது செய்து, மறுபடி அத்தஹிய்யாத், ஸலவாத், துஆ ஓதி இரு பக்கமும் ஸலாம் கொடுங்கள்.

ஸலாம் கொடுத்த பிறகு "மூன்றுதான் தொழுதேனோ" என்று தோன்றினால்? வெறும் சந்தேகம்தான் என்றால் இரண்டு மத்ஹபிலும் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. உறுதியாகக் குறைந்தது தெரிந்தால் மட்டுமே பேச்சு. பாய் மடித்த பின் வரும் சந்தேகத்துக்குக் கதவைத் திறந்தால் அது தினமும் வரும்.

வராமல் தடுக்க ஒரு வழி உண்டு. முதல் இரண்டு ரக்அத்தில் சூரா அடையாளம் காட்டிவிடும், மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்தான் பெரும்பாலும் குழப்பம், ஏனென்றால் இரண்டிலும் அல்ஹம்து மட்டுமே. மூன்றாவதின் ருகூஉவிலும் சுஜூதிலும் தஸ்பீஹை மூன்று முறையும், நான்காவதில் ஐந்து முறையும் சொல்லும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பில் அமர்ந்ததும் "ஐந்து சொன்னேனா" என்று ஒரு கேள்வியில் விடை கிடைக்கும். இது தனியாகத் தொழுபவருக்கு. மறதி அதிகம் உள்ள வயதானவர்களுக்கு ஜமாஅத்தைவிடச் சுலபமான தீர்வு இல்லை. இமாமின் பின்னால் எண்ணும் பொறுப்பே கிடையாது. அங்கே உங்களுக்கு நேரும் மறதிக்குத் தனியாக ஸஹ்வு சுஜூதும் இல்லை.

அறிகுறி: தக்பீரே சரியாக அமையவில்லை, ஒளுவும் சந்தேகம்

நிய்யத் தக்பீரோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சிலர் "அல்லாஹு அக்பர்" என்பதை ஐந்தாறு முறை சொல்வார்கள். இமாம் ருகூஉவுக்கே போய்விடுவார். ஷாபிஈகளுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொழுகையைத் தொடங்கும் எண்ணத்தோடு முதல் தக்பீர் சொன்னதும் உள்ளே நுழைந்துவிட்டீர்கள். அதே எண்ணத்தோடு இரண்டாவது சொன்னால் வெளியே வந்துவிடுகிறீர்கள். மூன்றாவதில் மறுபடி நுழைகிறீர்கள், நான்காவதில் வெளியே. ஒற்றைப்படையில் நுழைவு, இரட்டைப்படையில் வெளியேற்றம். "இன்னும் ஒருமுறை சொல்லிவிடலாம்" என்பதுதான் உங்கள் தொழுகையைக் கெடுக்கிறது.

என்ன செய்யலாம்? இமாம் கஸ்ஸாலியும் இமாம் நவவியும் எளிதாக்கிச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்: வழக்கத்தில் "இவர் தொழுகையை நினைவில் வைத்துத்தான் நிற்கிறார்" என்று சொல்லும் அளவு போதும். எழுத்துக்கு எழுத்து நிய்யத்தைப் பொருத்த வேண்டியதில்லை. "லுஹருடைய ஃபர்ளைத் தொழுகிறேன்" என்று ஒருமுறை நினைத்து, ஒரு தக்பீர். அதற்குப் பிறகு வரும் "சரியாக வந்ததா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் நேரே ஓத ஆரம்பித்துவிடுங்கள். முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும். பதில் சொல்லாமல் விட விடக் கேள்வி தேய்ந்துபோகும்.

ஒளுவிலும் இதே முறை. கழுவிக்கொண்டிருக்கும்போது சந்தேகம் வந்தால் அந்த உறுப்பைக் கழுவுங்கள். முடித்து எழுந்த பிறகு "முழங்கை நனைந்ததா" என்று வந்தால் விட்டுவிடுங்கள். காற்றுப் பிரிந்ததோ என்ற சந்தேகத்துக்கு ஹதீஸிலேயே அளவுகோல் இருக்கிறது: சத்தம் கேட்கும்வரை அல்லது நாற்றம் உணரும்வரை தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்கள் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்று முறை கழுவியதோடு நிறுத்தவும் தண்ணீரே கணக்கு வைத்துக்கொள்ளும்.

அறிகுறி: வாயில் சொல்லவே கூசும் எண்ணங்கள்

சுஜூதில் ஆபாசமோ, அல்லாஹ்வைப் பற்றியே தகாத எண்ணமோ வந்தால் பலர் யாரிடமும் சொல்லாமல் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். நபித்தோழர்கள் இதையே முறையிட்டபோது, அதை வெறுக்கும் உங்கள் மனமே தெளிவான ஈமான் என்ற பதில் கிடைத்தது. சொல்லாத, செய்யாத எண்ணத்துக்குக் குற்றமில்லை. உஸ்மான் பின் அபில்ஆஸ் (ரலி) தொழுகையில் வரும் குறுக்கீட்டைச் சொன்னபோது, அவன் கின்ஸப் என்ற ஷைத்தான், அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி இடப்பக்கம் மூன்று முறை துப்பு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். செய்து பார்த்தேன், விலகியது என்கிறார் அந்தத் தோழர். ஜமாஅத்தில் இடப்பக்கம் ஆள் நிற்பார். எச்சில் தெறிக்காமல், நெஞ்சு கிப்லாவை விட்டுத் திரும்பாமல், எழுத்தாக ஒலிக்காத வெறும் ஊதலாக இருக்க வேண்டும்.

எந்த வழியும் எடுபடவில்லை என்றால்

ஒளுவுக்கு அரைமணி நேரம் ஆகிறது, ஒரே தொழுகையை நான்கைந்து முறை திரும்பத் தொழுகிறார், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாமதமாகிறது, கை தோல் வெடிக்கிறது என்றால் அது ஓ.சி.டி. என்ற நோயாக இருக்கலாம். அறிவுரையால் அது போகாது. "தவக்குல் இல்லை" என்று வீட்டார் திட்டினால் கூடும். மருந்தும், சந்தேகம் வந்தாலும் திரும்பச் செய்யாமல் இருக்கப் பழக்கும் பயிற்சியும் இதற்கு உண்டு, பலருக்குக் குணம் தெரிகிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இந்தியாவில் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் "மனம் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், ஒளுவுக்கு எத்தனை நிமிடம், எத்தனை முறை திரும்பத் தொழுகிறோம் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். கூடவே உங்கள் மத்ஹபைச் சேர்ந்த ஓர் ஆலிமிடம், ஒரே ஒருவரிடம், "சந்தேகம் வந்தாலும் நான் திரும்பத் தொழத் தேவையில்லையா" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது இன்னொரு ஹஸ்ரத்துக்குப் போன் போடாமல் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் போதும்.